ஆசிரியர் சொன்ன கதையைச் சோடியாகத் திருப்பிச் சொல்லும்போது இறந்தகாலம் காணாமற்போவது ஏன்? (தரம் 6, ஆங்கிலம்)

உப்புவெளி ரீச்சர்

வணக்கம். திருகோணமலை நகரை அண்டிய பாடசாலை ஒன்றில் தரம் 6 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கின்றேன். வகுப்பில் 36 பேர் இருக்கின்றார்கள். தங்கள் பெயர், ஊர், விருப்பமான உணவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்லக்கூடிய அவர்களுக்கு, இரண்டு வசனங்களைச் சேர்த்து நடந்த ஒன்றைச் சொல்ல வராது. எனவே இறந்தகாலத்தை இலக்கண விதியாகத் தொடங்காமல், கிண்ணியாப் பாலம் வருவதற்கு முன்னர் மக்கள் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் கடலைக் கடந்த நாட்களைப் பற்றி ஒரு சிறுகதை சொல்லித் தொடங்கினேன். கதை இவ்வளவுதான்:

"கிராண்ட்மா அண்ட் மாலா வென்ட் டு த ஜெட்டி. தே கொட் ஒன் த ஃபெரி. த விண்ட் டுக் கிராண்ட்மாஸ் அம்பரெல்லா. இட் ஃபெல் இன்டு த வோட்டர். எ ஃபிஷர்மன் சோ இட். ஹி ஜம்ப்ட் இன்டு த வோட்டர். ஹி புரோட் இட் பேக். கிராண்ட்மா கேவ் ஹிம் எ மேங்கோ."

கையசைவோடும் கரும்பலகைப் படங்களோடும் இரண்டு முறை சொன்னேன். பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கேட்டார்கள். பின்னர் "வெயர் டிட் தே கோ?", "வட் டிட் த விண்ட் டேக்?", "வட் டிட் கிராண்ட்மா கிவ்?" என்று கேட்டபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன, விடைகளும் சரியாகவே இருந்தன. ஆனால் சோடியாக இருந்து கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னவுடன், "கிராண்ட்மா கோ ஜெட்டி. விண்ட் டேக் அம்பரெல்லா. ஃபிஷர்மன் ஜம்ப்" என்று வருகின்றது. சில சோடிகள் தமிழிலேயே கதையை முடித்துவிட்டு என்னைப் பார்க்கின்றன. கதையை விளங்கிக்கொண்ட பிள்ளைகளுக்கு, கேட்ட வினைச்சொல் வாயில் வராமல் போவது ஏன்? இடையில் என்ன செய்ய வேண்டும்?

தம்பலகாமம் மாஸ்டர்

ரீச்சர், இதற்கு மருந்து பழையதுதான். கோ, வென்ட், கோன் என்று மூன்று நிரல்களில் எழுதி மனனம் செய்ய வையுங்கள். எங்கள் காலத்தில் ஒவ்வொரு காலையிலும் பத்துச் சொற்களை ஒப்புவிக்காமல் இருக்கையில் அமர முடியாது. வினைச்சொல்லே தெரியாத பிள்ளையிடம் கதையைக் கேட்பது, விதை போடாத வயலில் அறுவடைக்குப் போவது போன்றது. முதலில் பட்டியல், பிறகு கதை என்ற வரிசையை மாற்றக்கூடாது என்பதே என் கருத்து.

உப்புவெளி ரீச்சர்

மாஸ்டர், உங்கள் அனுபவத்தை மதிக்கின்றேன். ஆனால் என் வகுப்பில் சிலர் தனியார் வகுப்பில் அந்தப் பட்டியலை ஏற்கனவே மனனம் செய்திருக்கின்றார்கள். "கோ" என்று நான் சொன்னால் "வென்ட், கோன்" என்று உடனே தொடர்கின்றார்கள். அவர்களும் கதை சொல்லும்போது "கிராண்ட்மா கோ" என்றுதான் சொல்கின்றார்கள்.

ஓய்வுபெற்ற ஆலோசகர்

நான் பல ஆண்டுகள் ஆசிரிய ஆலோசகராக வகுப்புகளின் பின்வாங்கில் இருந்து பார்த்தவன். ரீச்சரின் கதை நன்றாக அமைந்திருக்கின்றது. எட்டு வசனம், எட்டு வினை, ஒவ்வொன்றையும் படமாக வரையலாம். நேர்ப்பேச்சு ஒன்றும் இல்லை என்பதும் நல்லதே. "ஷி செட், ஐ வோன்ட் மை அம்பரெல்லா" என்று ஒரு வசனம் நுழைந்தால் நிகழ்காலம் கதைக்குள் வந்துவிடும், தொடக்க நிலைப் பிள்ளை அதிலிருந்து மீள்வது கடினம்.

சிக்கல் கதையில் இல்லை, கதைக்குப் பின் கேட்ட கேள்விகளில் இருக்கின்றது. ரீச்சர் எழுதியிருக்கும் மூன்று கேள்விகளையும் மீண்டும் வாசித்துப் பாருங்கள். "வட் டிட் த விண்ட் டேக்?" என்ற கேள்வியில் இறந்தகாலத்தைச் சுமப்பது "டிட்", அதனால் முதன்மை வினை "டேக்" என்ற அடிவடிவத்துக்குத் திரும்பிவிடுகின்றது. பிள்ளையின் காதில் "டுக்" இரண்டு முறை கதையில் விழுந்தது. அதன் பிறகு "கோ", "டேக்", "கிவ்" என்பன கேள்விகளில், அதுவும் ஆசிரியரின் அழுத்தமான குரலில் விழுந்தன. விடையாகப் பிள்ளை சொன்னது "அம்பரெல்லா", "மேங்கோ" என்ற பெயர்ச்சொற்கள் மட்டுமே. வினையைச் சொல்ல வேண்டிய தேவை ஒரு முறையேனும் எழவில்லை. ஆகவே சோடியாகத் திரும்பியபோது கடைசியாகக் கேட்ட வினையே வாயில் வந்தது. பட்டியலை மனனம் செய்த பிள்ளைக்கும் இதே நிலைதான், ஏனெனில் பட்டியலில் "வென்ட்" என்பது "கோ" என்ற சொல்லுக்கு விடையே தவிர, பாட்டி போனதற்குரிய சொல் அன்று.

எழுவாயைக் கேட்கும் கேள்விகளில் இந்தக் கெடுதல் இல்லை. "ஹூ வென்ட் டு த ஜெட்டி?", "வட் ஃபெல் இன்டு த வோட்டர்?", "ஹூ சோ த அம்பரெல்லா?", "ஹூ ஜம்ப்ட் இன்டு த வோட்டர்?" என்று கேட்டால் "டிட்" தேவையில்லை, கதையில் வந்த அதே வடிவம் கேள்வியிலும் நிற்கும். முதல் பாடவேளையில் இந்த வகைக் கேள்விகளை மட்டும் கேளுங்கள். "டிட்" கேள்விகளை அடுத்த வாரத்துக்கு விட்டுவிடலாம்.

அதற்கு அடுத்ததாக, கதையை மூன்றாம் முறை பிழையாகச் சொல்லுங்கள். "எ டோக் ஜம்ப்ட் இன்டு த வோட்டர்" என்று நீங்கள் முகத்தை மாற்றாமல் சொன்னால் வகுப்பே எழுந்து "நோ, எ ஃபிஷர்மன் ஜம்ப்ட் இன்டு த வோட்டர்" என்று திருத்தும். ஆளை மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்கவில்லை என்பது போலக் காதில் கை வைத்து முழு வசனத்தை வாங்குங்கள். பிள்ளைகள் இறந்தகால வினையை முதன்முதலாகத் தாமே சொல்லும் இடம் இதுதான்; சொல்வதற்கு ஒரு காரணமும் அவர்களுக்குக் கிடைத்துவிடுகின்றது. பெயர்களில் மட்டும் பிழை விடுங்கள், வினையில் பிழை விடாதீர்கள்.

மூதூர் அப்பா

மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. என் மகனும் இதே போலத்தான். பரீட்சையில் கதை எழுதும் வினாவுக்கு மாதிரிக் கதைகளை மனனம் செய்து எழுதுகின்றான். இருந்தும் புள்ளி குறைகின்றது. நீங்கள் சொல்லும் இந்தக் கேள்வி முறையால் எழுத்து திருந்துமா? எந்தக் கதைகளை மனனம் செய்தால் நல்லது?

ஓய்வுபெற்ற ஆலோசகர்

ஐயா, இங்கே பேசப்படுவது எழுத்துக்கு முந்திய ஒரு படி. உங்கள் மகன் தான் எழுதியதை மூடிவைத்துவிட்டு உங்களுக்கு வாயால் சொல்ல முடிகின்றதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால், மனனம் செய்யும் கதைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை. ஒரே சிறுகதையைப் படம் பார்த்துச் சொல்ல வையுங்கள், அதன் பின்னர் எழுதட்டும்.

கிண்ணியா ஆசிரியர்

ஆலோசகர் சேர் சொன்ன காரணத்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கின்றேன். தமிழில் நாம் கதை சொல்லும்போது ஒவ்வொரு வினையையும் முற்றாக முடிப்பதில்லை. "துறையடிக்குப் போய், பாதையில் ஏறி, குடையைப் பறிகொடுத்து, அழுதுகொண்டு வந்தாள்" என்று எச்சங்களாகக் கோத்து, கடைசி வினையில்தான் முடிக்கின்றோம். என் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் "ஷி கோ ஜெட்டி, கெட் ஒன் ஃபெரி அண்ட் கேம் ஹோம்" என்று கடைசி வினையை மட்டும் இறந்தகாலத்தில் சொல்வதைக் கவனித்திருக்கின்றேன். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முழு வசனம், ஒரு நிறுத்தம் என்று பழக்க வேண்டும். "அண்ட்" போட்டு நீட்ட விடக்கூடாது.

ஓய்வுபெற்ற ஆலோசகர்

கவனிப்பு நல்லது, அறிவுரையும் சரி. ஆனால் காரணம் அதுவே என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகின்றேன். சிங்கள மொழிப் பிள்ளைகளும், வேறு நாடுகளில் வேறு மொழி பேசும் தொடக்க நிலைக் கற்போரும் அடிவடிவ வினையிலேயே முதலில் கதை சொல்கின்றார்கள். அடிவடிவமே பொருளைச் சொல்லிவிடுகின்றபோது மனம் அதற்கு மேல் உழைப்பதில்லை. தமிழின் எச்சக் கோவை அந்தப் பழக்கத்துக்குத் துணைபோகலாம்.

தம்பலகாமம் மாஸ்டர்

எங்கள் தமிழ் அமைப்பு ஆங்கிலத்தைப் பாதிக்கின்றது என்பதை நானும் கண்டிருக்கின்றேன். அதற்காகத்தான் முதல் முறை கதையைத் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போக வேண்டும் என்கின்றேன். பொருள் விளங்கினால்தான் சொல் நிற்கும்.

உப்புவெளி ரீச்சர்

பொருள் விளங்குவதில் என் வகுப்பில் குறையில்லை, மாஸ்டர். படமும் கையசைவும் போதுமாக இருந்தன. தமிழில் முழுக்கதையும் சொன்னால் ஆங்கிலத்தில் கேட்கும் ஆவல் போய்விடும் என்று பயப்படுகின்றேன். "ஜெட்டி" போன்ற ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் அல்லவா?

இப்போது என் கவலை சோடி வேலை பற்றியது. இரண்டு பேருக்கும் கதை தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரிந்த ஒருவருக்குச் சொல்வதில் பிள்ளைக்கு என்ன ஆர்வம் இருக்கும்? கேட்பவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்.

ஓய்வுபெற்ற ஆலோசகர்

சரியான இடத்தைத் தொட்டிருக்கின்றீர்கள். சோடி வேலைக்கு முன்னர் ஒரு பாலம் வேண்டும், சோடி வேலைக்குள் கேட்பவருக்கு ஒரு வேலை வேண்டும்.

பாலம் இப்படி அமையலாம். கரும்பலகையில் எட்டுக் கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு படமும் அதன் கீழ் இறந்தகால வினையும் மட்டும் எழுதுங்கள். முழு வசனத்தை எழுதினால் பிள்ளைகள் வாசிப்பார்களே தவிரச் சொல்ல மாட்டார்கள். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு முறை சொல்லட்டும். பின்னர் ஒரு பிள்ளையை அழைத்து, விரும்பிய இரண்டு வினைகளை அழிக்கச் சொல்லுங்கள், படம் இருக்கட்டும். மீண்டும் சொல்லட்டும். மேலும் மூன்றை அழியுங்கள், மீண்டும் சொல்லட்டும். எட்டும் அழிந்த பிறகு படங்களை மட்டும் பார்த்து வகுப்பு கதையைச் சொல்லும். எந்த இடத்தில் குரல் தாழ்கின்றது என்று கேளுங்கள். அந்த வினை இன்னும் பிடிபடவில்லை. இந்தக் கதையில் பெரும்பாலும் "புரோட்" என்ற இடத்தில் தாழும் என்று எதிர்பார்க்கின்றேன். அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதிவிடுங்கள்.

அதன் பின்னர் சோடி. ஒவ்வொரு சோடியிலும் சொல்பவருக்கு மட்டும் ஒரு சிறு மட்டை கொடுங்கள். அதில் கதையின் மூன்று விவரங்கள் மாற்றி வரையப்பட்டிருக்க வேண்டும்; குடைக்குப் பதிலாகத் தொப்பி, மீனவருக்குப் பதிலாக மாலா, மாம்பழத்துக்குப் பதிலாக வாழைப்பழம் என்பது போல. நான்கு வகை மட்டைகளைத் தயாரித்துச் சுழற்றினால் 18 சோடிகளுக்கும் போதும். சொல்பவர் தன் மட்டைப்படி கதையைச் சொல்ல, கேட்பவர் மாறிய மூன்றையும் கொப்பியில் வரைய வேண்டும். கேட்டால்தான் வரையலாம் என்பதால் சன்னலுக்குத் திரும்ப நேரம் இராது. ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தி, ஆளை மாற்றி, வேறு மட்டையோடு மீண்டும் சொல்ல வையுங்கள். மூன்றாம் சுற்றுக்கு ஒரு நிமிடம் போதும். மொழி கற்பித்தல் அறிஞர் போல் நேஷன் போன்றோர் விளக்கிய, ஒரே பேச்சை 4, 3, 2 நிமிடங்களில் மூவரிடம் சொல்லும் முறையின் சிறிய வடிவம் இது. நேரம் குறைவதாலும் கேட்பவர் புதியவர் என்பதாலும் பிள்ளை தடுமாற்றம் குறைந்து சொல்லும். தொடக்க நிலையில் நான்கு நிமிடம் பேசுவதற்கு யாரிடமும் கதை இருக்காது.

40 நிமிடப் பாடவேளையில் இவை எல்லாம் அடங்குமா என்று கேட்பீர்கள். கதையும் பிழைக்கதையும் 15 நிமிடம், அழிப்பு 10 நிமிடம், சோடி 10 நிமிடம் என்றால் அடங்கும். கதையை எழுதிக்கொள்வதை மறுநாளுக்கு வையுங்கள்.

கிண்ணியா ஆசிரியர்

சேர், ஒரு ஐயம். இந்தச் சோடி வேலையைப் பிள்ளை இறந்தகாலம் இல்லாமலே வென்றுவிடலாம் அல்லவா? "விண்ட் டேக் ஹேட்" என்று சொன்னாலும் கேட்பவர் தொப்பியை வரைந்துவிடுவார். வேலை முடிந்தது, வினை வரவில்லை.

நான் இதற்காக இன்னொரு விதமாகச் செய்கின்றேன். எங்கள் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் யாருக்கும் பாதையில் கடந்த நினைவு கிடையாது, வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். கொப்பியில் இரண்டு நிரல்கள்: அன்று, இன்று. சொல்பவர் "பீப்பிள் வென்ட் பை ஃபெரி", "பீப்பிள் கோ பை பஸ்", "தே வெயிட்டட் அட் த ஜெட்டி", "தே வெயிட் அட் த பஸ் ஸ்டாண்ட்" என்று கலந்து சொல்ல, கேட்பவர் எந்த நிரல் என்று அடையாளமிட வேண்டும். காலச்சொல் எதுவும் சொல்லக்கூடாது. ஃபெரி, பஸ் என்பவை விடையைக் காட்டிக்கொடுக்கின்றன என்று தெரிந்த பிறகு, இரண்டு காலத்துக்கும் பொதுவான செயல்களை மட்டும் வைக்கின்றேன்: "தே கேவ் மணி டு த மேன்", "தே கிவ் மணி டு த மேன்". இப்போது வினையைத் தவிர வேறு வழியில்லை. "கிவ்" என்று தவறிச் சொன்னால் கேட்பவர் தவறான நிரலில் போடுவார், இருவரும் ஒப்பிடும்போது தாமே கண்டுபிடிப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆலோசகர்

இது என் மட்டையைவிடக் கூர்மையான சோதனை, ஏற்றுக்கொள்கின்றேன். ஆனால் தனித்தனி வசனங்களாக நிற்பதால் அது கதையாகாது. கதைக்கு முன்னர் ஐந்து நிமிடம் இதைச் செய்து காதைத் தீட்டிவிட்டு, பிறகு மட்டைக்குப் போகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். "வெயிட்டட் அட்" என்பது பிள்ளைக்கும் உங்களுக்கும் தெளிவாகக் கேட்கும். ஆனால் "வோக்ட் டு த ஜெட்டி" என்பதில் வினையின் கடைசி ஒலி அடுத்த சொல்லின் முதல் ஒலியோடு கலந்துவிடுகின்றது. "வோக் டு" என்று சொன்னாரா, "வோக்ட் டு" என்று சொன்னாரா என்பதை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் காதால் பிரிப்பது கடினம். அந்த வசனத்தை வைத்துப் பிள்ளைக்குப் பிழை போடாதீர்கள். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால், "ஜம்ப்ட் இன்டு" என்பது போல, ஒலி பிரிந்து நிற்கும். ரீச்சரின் கதையில் ஒழுங்கான வினை அந்த ஒன்றுதான். அது சரியான இடத்தில் அமைந்திருக்கின்றது. மற்ற ஏழும் உருமாறும் வினைகள் என்பதால் பிள்ளை எதைச் சொன்னது என்று உடனே தெரியும். முதல் கதைக்கு இந்த அளவு பொருத்தம்.

நிலாவெளி விடுதி

நான் ஆசிரியன் அல்லன், நிலாவெளியில் சுற்றுலா விடுதி ஒன்றில் வேலை செய்கின்றேன். வெளிநாட்டு விருந்தினர்களிடம் "யெஸ்டர்டே வீ கோ பிஜன் ஐலண்ட், வீ சீ டர்ட்டில்" என்று சொல்லியே எங்கள் பொடியன்கள் தொழில் செய்கின்றார்கள், அவர்களுக்கும் விளங்குகின்றது. "யெஸ்டர்டே" என்ற சொல் இருந்தால் போதாதா? தரம் 6 பிள்ளைகளை ஏன் இவ்வளவு வருத்த வேண்டும்?

உப்புவெளி ரீச்சர்

அண்ணா, ஒரு வசனத்துக்கு "யெஸ்டர்டே" போதும். நீங்கள் விருந்தினருக்கு ஆமையைப் பற்றி ஒரு நீண்ட கதை சொல்லும்போது, நேற்று நடந்தது எது, தினமும் நடப்பது எது என்று அவர் தடுமாறுவாரே. "த டர்ட்டில் கம்ஸ் ஹியர்" என்றால் அவர் நாளையும் வந்து பார்க்கக் காத்திருப்பார்.

நிலாவெளி விடுதி

அப்படி ஒருவர் உண்மையிலேயே காத்திருந்ததும் உண்டு. சரி, பட்டியலைச் சொல்லுங்கள், நானும் படிக்கின்றேன்.

தம்பலகாமம் மாஸ்டர்

தம்பி, பட்டியலை நான் தருகின்றேன். ஆனால் மேலே எழுதியதை வாசித்த பிறகு ஒன்று சொல்வேன்: கதையில் வந்த எட்டு வினைகளைக் கொண்டு மட்டும் பட்டியல் போட்டு, கதைக்குப் பிறகு மனனம் செய்தால் வேகமாக ஒட்டும் என்று தோன்றுகின்றது. மனனமே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். இன்னொன்று: சோடியில் பிள்ளை பிழை விட்டால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். பிழையை 36 பேர் ஒரே நேரத்தில் பழகுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது?

ஓய்வுபெற்ற ஆலோசகர்

கதைக்குப் பின் எட்டு வினைகளை மனனம் செய்வதை நானும் ஆதரிக்கின்றேன். திருத்தத்தில் நாம் வேறுபடுகின்றோம். முதல் சுற்றின் நடுவே நிறுத்தித் திருத்தினால் பிள்ளை கதையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். நான் சுற்றுகளுக்கு இடையில் திருத்துவேன்: நடந்து கேட்டுக் குறித்த இரண்டு வினைகளைப் பலகையில் படத்தின் கீழ் மீண்டும் எழுதி, வகுப்பைச் சொல்ல வைத்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு அனுப்புவேன். இரண்டுக்கு மேல் எடுக்க மாட்டேன்.

கிண்ணியா ஆசிரியர்

நான் மாஸ்டரின் பக்கம் சற்றுச் சாய்கின்றேன், சேர். திரும்பத் திரும்ப வேகமாகச் சொல்லும்போது பிழையும் வேகமாகவே படிந்துவிடுகின்றது. வினையை மட்டும் மெதுவாகக் கேள்விக் குரலில் திருப்பிச் சொல்கின்றேன், "டேக்?" என்றால் பெரும்பாலான பிள்ளைகள் "டுக்" என்று தாமே மாற்றிக்கொண்டு தொடர்கின்றார்கள். கூச்சப்படும் பிள்ளையிடம் அதைச் செய்வதில்லை.

உப்புவெளி ரீச்சர்

இந்த வாரம் செய்து பார்த்தேன். "டிட்" கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நாய் தண்ணீரில் குதித்தது என்றவுடன் வகுப்பு கத்திய சத்தத்துக்கு அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். வினைகளை அழிக்கும்போது "புரோட்" என்ற இடத்தில் குரல் தாழ்ந்ததும் உண்மைதான். அதோடு "ஃபெல்" என்ற இடத்திலும் தாழ்ந்தது. சோடியாகச் சொன்னபோது "வென்ட்", "சோ", "கேவ்" மூன்றும் பெரும்பாலானவர்களிடம் நின்றன. "ஜம்ப்ட் இன்டு" தெளிவாக வந்தது. அதுவே புதிய சிக்கலையும் கொண்டுவந்தது: சிலர் "டேக்ட்", "ஃபோல்ட்" என்று சொல்லத் தொடங்கியிருக்கின்றார்கள். முன்பு சரியாக "ஃபெல்" என்று சொன்ன ஒரு பிள்ளையும் அப்படிச் சொன்னது.

ஓய்வுபெற்ற ஆலோசகர்

அந்தப் பிள்ளை பின்னோக்கிப் போகவில்லை. முன்பு "ஃபெல்" என்பதைக் கேட்டபடி சொன்னது. இப்போது நடந்தவற்றுக்கு வினையை மாற்ற வேண்டும் என்ற விதியைத் தானே கண்டுபிடித்து எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கின்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் சிறுபிள்ளைகளும் "கோட்" என்றும் "ஃபோல்ட்" என்றும் சொல்லும் ஒரு காலம் உண்டு. விதியை விளக்க வேண்டாம். அடுத்த கதையிலும் "ஃபெல்", "டுக்" இரண்டும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் விழட்டும், குரங்கு எடுத்துக்கொண்டு போகட்டும்.

உப்புவெளி ரீச்சர்

அப்படியே செய்கின்றேன், சேர். கடைசியாக ஒன்று: மூன்று சோடிகளில் இருவருமே வாய் திறப்பதில்லை. அவர்களைக் கெட்டிக்காரப் பிள்ளைகளோடு சேர்த்தால் கெட்டிக்காரரே முழுக்கதையையும் சொல்லிவிடுகின்றார்.

கிண்ணியா ஆசிரியர்

ரீச்சர், கெட்டிக்காரரைக் கேட்பவராக வைத்து, பேசாத இருவரையும் ஒன்றாகச் சொல்பவர்களாக வையுங்கள். ஒருவர் ஒரு படம், மற்றவர் அடுத்த படம். கேட்பவரிடம் மட்டை இல்லை, வரைய வேண்டியதும் அவர்தான் என்பதால் அவர் கதையைப் பறிக்க முடியாது. முதல் நாளில் நான்கு படங்கள் மட்டும் கொடுங்கள்.